ரிஸ்க் ரூல்ஸ் மாறலன்னு லெட்டர்ல எழுதறதுக்கு முன்னாடி

கேள்வி: சின்ன ஃபண்ட் ஒண்ணுல வேலை பாக்கறேன். மார்க்கெட் போற திசையிலயே பொசிஷன் எடுக்கற எங்க ட்ரெண்ட் ஃபாலோயிங் ஸ்ட்ராட்டஜி உச்சத்துலேர்ந்து 14% கீழ இருக்கு. ரிஸ்க் ரூல்ஸ மாத்தறதில்லன்னு மேல முடிவு பண்ணிட்டாங்க, காலாண்டு லெட்டர் டிராஃப்ட் என் தலையில விழுந்திருக்கு. சப்பைக்கட்டு மாதிரி தெரியாம இத எப்படி எழுதறது?

பதில்: இந்த லெட்டர படிக்கற இன்வெஸ்டர் மனசுல ரெண்டு சந்தேகம் ஓடும், ரெண்டையும் அவரே பிரிச்சுப் பாத்திருக்க மாட்டாரு. ஒண்ணு, இந்த ஸ்ட்ராட்டஜி இன்னும் வேலை செய்யுதா இல்ல செத்துப்போச்சா. இன்னொண்ணு, நீங்க சொன்ன அளவு ரிஸ்க்தான் எடுத்தீங்களா. முதல் சந்தேகத்துக்கு மூணு மாச டேட்டாவ வச்சு உங்களால மட்டும் இல்ல, யாராலயும் பதில் சொல்ல முடியாது. ரெண்டாவதுக்கு ஓரளவு நல்லாவே சொல்ல முடியும். சப்பைக்கட்டுன்னு தோணுற லெட்டர் எல்லாம் பெரும்பாலும் முதல் கேள்விக்கு தெரிஞ்ச மாதிரி பதில் சொல்லிட்டு ரெண்டாவத ஒரே வரியில தாண்டிப் போயிருக்கும். நான் பல வருஷம் ஃபண்ட் ரிஸ்க் டீம்ல இருந்து இந்த மாதிரி லெட்டர்கள எழுதியும் இருக்கேன், அடுத்தவங்க எழுதினத அடிச்சுத் திருத்தியும் இருக்கேன், அந்த அனுபவத்துலதான் சொல்றேன். நீங்க 14 தவிர வேற நம்பர் குடுக்கல, அதனால மிச்சத்த நானே உதாரணத்துக்கு போட்டுக்கறேன், உங்க நம்பர அந்த இடத்துல வச்சுப் பாருங்க.

ஃபண்டோட ரூல்ஸ் மூணுன்னு வச்சுக்குவோம். மொத்த போர்ட்ஃபோலியோ வருஷத்துக்கு 10% வோலட்டிலிட்டியில, அதாவது அந்த அளவு ஏற்ற இறக்கத்துல ஓடணும், அதுக்கேத்த மாதிரி ஒவ்வொரு மார்க்கெட்லயும் பொசிஷன் சைஸ் கூடும் குறையும். எந்த ஒரு குரூப்பும், அதாவது பாண்டு, கரன்சி, பங்கு, கமாடிட்டி, மொத்த ரிஸ்க்ல 30 சதவீதத்த தாண்டக்கூடாது. டிராடவுன், அதாவது உச்சத்துலேர்ந்து வந்த சரிவு, 20% தொட்டா எல்லா பொசிஷனும் பாதியாகணும். ஒன்பது மாசம் முன்னாடி உச்சத்துல 100 இருந்தது, காலாண்டு ஆரம்பத்துல 93, முடிவுல 86. ஆக இந்தக் காலாண்டு நஷ்டம் 7.5%, டிராடவுன் 14%. இந்த ரெண்டு நம்பரையும் முதல் பாராவுலயே, அதே வரிசையில, கூட எந்த உரிச்சொல்லும் இல்லாம போட்டுடுங்க. நிறைய பேர் காலாண்டு நம்பர் சின்னதா இருக்குன்னு அத மட்டும் மேல வச்சுட்டு 14 சதவீதத்த மூணாவது பக்க டேபிள்ல ஒளிச்சு வைப்பாங்க, இன்வெஸ்டர் முதல்ல போறதே அந்த டேபிளுக்குத்தான். அதோட 86லேர்ந்து மறுபடி 100 வரணும்னா 14% ஏறினா பத்தாது, 16.3% ஏறணும், அதையும் எழுதுங்க. உங்க நீண்டகால எதிர்பார்ப்பு வருஷத்துக்கு 6%னா சராசரியா ரெண்டரை வருஷம் ஆகும். எழுத கை கூசும், ஆனா நீங்க எழுதலன்னா அவரே கால்குலேட்டர எடுத்துப் போட்டுப் பாப்பாரு.

அடுத்து ஏன் விழுந்ததுன்னு சொல்லணும். ட்ரெண்ட் ஃபாலோயர்ஸுக்கு அடி விழறது வழக்கமா ஒரே மாதிரிதான், ரொம்ப நாள் ஒரே திசையில போன மார்க்கெட் ஒரு வாரத்துல திரும்பிடும். நல்ல உதாரணம் 2023 மார்ச். அதுக்கு முன்னாடி வருஷம் பூரா வட்டி ஏறிட்டே இருந்ததால இந்த ஸ்டைல்ல இருக்கற ஃபண்டுகள் பாண்டுகள ஷார்ட் பண்ணி, அதாவது விலை விழும்னு பந்தயம் கட்டி வச்சிருந்தாங்க, மார்ச் 10ஆம் தேதி சிலிக்கான் வேலி பேங்க் மூடப்பட்டுச்சு, 13ஆம் தேதி அமெரிக்க ரெண்டு வருஷ கவர்ன்மென்ட் பாண்டோட ஈல்ட் ஒரே நாள்ல சுமார் 0.6 சதவீதப் புள்ளி கீழ வந்துச்சு, 1987 அக்டோபருக்கு அப்புறம் ஒரு நாள்ல அவ்வளவு பெரிய சரிவு இல்ல. ஈல்ட் விழுந்தா பாண்டு விலை ஏறும், அதனால அந்த வாரம் ஷார்ட்ல இருந்த யாருக்கும் தப்பிக்க வழியில்ல. உங்க காலாண்டும் இந்த ஜாதிதான்னா அத நாலு வரியில சொல்லிட்டு நகர்ந்துடுங்க, மார்க்கெட் கதைய ரெண்டு பக்கத்துக்கு நீட்டினா பழிய மார்க்கெட் மேல போடற மாதிரி தெரியும்.

கதைய விட எண் கணக்கு முக்கியம். என் உதாரணத்துல 7.5% நஷ்டத்த இப்படி பிரிச்சிருக்கேன்: பாண்டு ஷார்ட்ல 4.3 போச்சு, கரன்சில 1.6, பங்கு இண்டெக்ஸ்ல 0.9, கமாடிட்டில 0.7 வந்துச்சு, கட்டணமும் டிரேடிங் செலவும் 0.6. கூட்டினா 6.7தான் வருது. மிச்சம் 0.8 எங்க? அது நம்ம தப்பு. எக்ஸ்பைரி ஆகுற கான்ட்ராக்ட்லேர்ந்து அடுத்த மாசத்துக்கு ரோல் பண்றப்ப பழசும் புதுசும் ரெண்டு நாள் சேந்து நின்னுடுச்சு, பாண்டு குரூப்போட ரிஸ்க் பங்கு 38% வரைக்கும் போச்சு, 30% லிமிட் உடைஞ்சுது. இந்த வரிய பாண்டு நஷ்டத்துக்குள்ள கரைச்சுடலாம்னு யாராவது சொல்லுவாங்க, விடாதீங்க. ரூல்ஸ் மாறலன்னு சொல்ற லெட்டர்ல ரூல் மீறப்பட்ட இடத்த மறைச்சா, நாளைக்கு ஆடிட்லயோ வேற எங்கேயோ அது வெளிய வரும்போது முழு லெட்டரும் பொய்யாயிடும். ரூல்படி போன நஷ்டம் 6.7, ரூல் மீறி போன நஷ்டம் 0.8, ரோல் ஆர்டர இப்ப ரெண்டு பேர் செக் பண்றாங்க, அவ்வளவுதான் எழுதணும்.

இப்ப முக்கியமான இடத்துக்கு வர்றேன். ஸ்ட்ராட்டஜி செத்துப்போச்சான்னு ஏன் சொல்ல முடியாதுங்கறத இன்வெஸ்டருக்கு புரியற மாதிரி சொல்லணும். வருஷத்துக்கு 6% எதிர்பார்ப்பு, 10% வோலட்டிலிட்டி, அதாவது லாபத்த வோலட்டிலிட்டியால வகுத்தா வர்ற ஷார்ப் ரேஷியோ 0.6. இப்படிப்பட்ட ஸ்ட்ராட்டஜி நல்லா ஓடிட்டு இருக்கும்போதே அஞ்சு காலாண்டுல ரெண்டு காலாண்டு நஷ்டத்துல முடியும், நாலு வருஷத்துல ஒரு வருஷம் நஷ்டத்துல முடியும். 7.5% மாதிரி மோசமான காலாண்டு சாதாரண பெல் கர்வ் கணக்குப்படி சுமார் 28 காலாண்டுக்கு ஒண்ணு, கிட்டத்தட்ட ஏழு வருஷத்துக்கு ஒரு தடவை வரும். பத்து வருஷம் ஓட்டினா அதிகபட்ச டிராடவுன் சராசரியா வருஷ வோலட்டிலிட்டியோட ரெண்டு மடங்கு பக்கத்துல போகும், அதாவது நம்ம கேஸ்ல 20% சுத்தி. அதனால 14% வழக்கத்துக்கு அடங்கினதுதான். ஆனா பாதி பேர் இங்கயே நிறுத்திடுவாங்க, நிறுத்தக்கூடாது. ஏன்னா இதே 14%, அட்வான்டேஜ் எதுவுமே இல்லாத, ஷார்ப் பூஜ்யமா இருக்கற ஸ்ட்ராட்டஜிக்கும் சர்வசாதாரணமா வரும். நாலு வருஷ ரெக்கார்ட வச்சு ஷார்ப்ப கணக்குப் போட்டா அதுல பிழை 0.5 வரைக்கும் கூடக் குறைய இருக்கும், 0.6க்கும் பூஜ்யத்துக்கும் நடுவுல வித்தியாசம் கண்டுபிடிக்கவே அது பத்தாது. ஆக டிராடவுன் நம்மள குற்றவாளின்னும் சொல்லல, நிரபராதின்னும் சொல்லல. இத ஒத்துக்கிட்டு எழுதற லெட்டர நான் ரொம்ப கம்மியாதான் பாத்திருக்கேன்.

நானே ஒரு தடவை வசமா மாட்டிக்கிட்டேன். முன்னாடி வேலை பாத்த இடத்துல ஒரு லெட்டர்ல "இந்தத் தற்காலிக சரிவு"ன்னு எழுதிட்டேன், எழுதும்போது அது கண்ணுலயே படல. ஒரு இன்வெஸ்டர் ஃபோன் பண்ணி ரொம்ப மரியாதையா ஒரே ஒரு கேள்வி கேட்டாரு, தற்காலிகம்னு உங்களுக்கு எப்படி தெரியும் சார்னு. என்கிட்ட பதிலே இல்ல. அதுலேர்ந்து அந்த வார்த்தை, அப்புறம் "விரைவில் மீளும்", "சந்தை தவறாக விலை வைத்திருக்கிறது" மாதிரி எதுவும் என் டிராஃப்ட்ல வராது.

அப்ப எத நம்பி மாத்தலன்னு சொல்றது? இங்கதான் அந்த ரெண்டாவது கேள்வி கை குடுக்கும். லாபத்தோட சராசரிய மூணு மாசத்துல அளக்க முடியாது, ஆனா வோலட்டிலிட்டிய அளக்க முடியும். ஒரு காலாண்டுல சுமார் 63 டிரேடிங் நாள் இருக்கு, அத்தன நாள் டேட்டாவ வச்சு 10% வோலட்டிலிட்டிய அளந்தா பிழை ஒரு சதவீதப் புள்ளிக்கும் கொஞ்சம் கம்மிதான் (பெரிய பெரிய அசைவு வர்ற நாட்கள் இருந்தா இன்னும் கொஞ்சம் கூடும்). உங்க காலாண்டு வோலட்டிலிட்டி 11.2 வந்திருந்தா டார்கெட்டுக்கு கொஞ்சம் மேல, ஆனா அளவுப் பிழையோட சேத்துப் பாத்தா பரவால்ல. அதுவே 16 வந்திருந்தா ரூல் வேலை செய்யலன்னு அர்த்தம், அப்ப மாத்தலன்னு எழுதறது பொறுப்பில்லாத்தனம். ரிஸ்க் ரூலோட வேலை நஷ்டமே வராம பாத்துக்கறது இல்ல, நஷ்டம் சொன்ன அளவுக்குள்ள இருக்கான்னு பாத்துக்கறது. அந்த வேலைய அது செஞ்சுதாங்கறதுக்கு டேட்டா உங்க கையிலயே இருக்கு, லெட்டரோட நடுப்பக்கம் அதுவாத்தான் இருக்கணும்.

இதுல இன்னொரு நுணுக்கம் இருக்கு, இன்வெஸ்டர்கள் அடிக்கடி தப்பா புரிஞ்சுக்கற இடம். ரூல் மாறலன்னா பொசிஷனும் மாறலன்னு நினைச்சுக்குவாங்க, இவ்வளவு அடி வாங்கியும் அப்படியே பிடிவாதமா உக்காந்திருக்காங்கன்னு தோணும். ஆனா வோலட்டிலிட்டி ரூல் தானாவே பொசிஷன குறைச்சிருக்கும். பாண்டு மார்க்கெட்டோட வோலட்டிலிட்டி காலாண்டு ஆரம்பத்துல 6ஆ இருந்து முடிவுல 9 ஆயிருந்தா, சிக்னல் அதே பலத்துல இருந்தாலும் பொசிஷன் மூணுல ரெண்டு பங்காயிடும். மார்க்கெட் திரும்பி சிக்னலும் மாறிட்டா ஷார்ட்டே போயிருக்கும். "ரூல் மாறவில்லை, ரூலின்படி பாண்டு பொசிஷன் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருக்கிறது"ன்னு ஒரு வரி எழுதினா பாதி ஃபோன் கால் குறையும்.

அப்புறம் கண்டிப்பா ஒருத்தர் கேப்பாரு, 20%ல பாதியாக்கற ரூல ஏன் 10%க்கு கொண்டு வரக்கூடாதுன்னு. நியாயமான கேள்வி, கணக்கோடயே பதில் சொல்லுங்க. 10% ரூல் இருந்திருந்தா 90ல பாதியாக்கியிருப்போம், அப்புறம் வந்த 4.4% சரிவு 2.2 ஆகி 86க்கு பதிலா 88ல நின்னிருப்போம், ரெண்டு புள்ளி மிச்சம். இப்ப அங்கேர்ந்து மார்க்கெட் திரும்பி ஒரிஜினல் ஃபண்ட் 86லேர்ந்து 100க்கு போகுதுன்னு வச்சுக்குங்க, பாதி பொசிஷன்ல இருக்கற ஃபண்ட் அப்ப 95 பக்கத்துலதான் இருக்கும். ரெண்டு புள்ளிய காப்பாத்த அஞ்சு புள்ளி குடுத்திருப்போம். ஆனா மார்க்கெட் திரும்பாம ஒரிஜினல் ஃபண்ட் 80 வரைக்கும் போயிருந்தா, பாதியாக்கின ஃபண்ட் 85ல நின்னு அஞ்சு புள்ளி காப்பாத்தியிருக்கும், அதையும் பக்கத்துலயே சொல்லணும். இது ஒரு இன்ஷூரன்ஸ் மாதிரி, பிரீமியம் உண்டு. அதிகபட்ச டிராடவுன் 20% பக்கத்துல வரும்னு நாமளே எதிர்பாக்கற ஸ்ட்ராட்டஜிக்கு 10%ல அலாரம் வச்சா அது ரெண்டு மூணு வருஷத்துக்கு ஒரு தடவை அடிச்சுட்டே இருக்கும், ஒவ்வொரு தடவையும் பிரீமியம் கட்டணும். 20%ல வச்சதுக்கு காரணமே அதுதான். இந்தக் கணக்க ஸ்ட்ராட்டஜி ஆரம்பிக்கறப்பவே போட்டிருந்தீங்கன்னா அந்தத் தேதியயும் சொல்லிடுங்க, அடி வாங்கினதுக்கப்புறம் தேடிப் பிடிச்ச காரணம் இல்லன்னு தெரியும்.

எல்லாம் இப்படி சுத்தமா பதில் சொல்லிட முடியாது. என் உதாரணத்த மறுபடி பாருங்க. பாண்டுக்கு 30% லிமிட், ஆனா மொத்த நஷ்டத்துல பாதிக்கு மேல, 7.5ல 4.3, பாண்டுலேர்ந்துதான் வந்திருக்கு. அத விட மோசம், கரன்சியும் பங்கும் அதே வாரத்துல அதே காரணத்துக்காக விழுந்திருக்கு, ஏன்னா மூணுமே உள்ளுக்குள்ள வட்டி ஏறும்ங்கற ஒரே பந்தயம். நாலு குரூப்னு பேப்பர்ல இருக்கு, அந்த வாரத்துல ஒண்ணரை குரூப்தான் இருந்துச்சு. இது ரூலோட உண்மையான பலவீனம். குரூப்ப பேர வச்சு பிரிக்கறோம், மார்க்கெட் அந்தப் பேரெல்லாம் பாக்கறதில்ல. இந்த இடத்துல மாத்தலன்னு எப்படி எழுதறது? என் அபிப்பிராயம் இதுதான், மாத்தறதா வேணாமாங்கறத டிராடவுன் நடுவுல முடிவு பண்ணக்கூடாது, ஏன்னா கடைசி மூணு மாசத்துக்கு பொருந்தற மாதிரி லிமிட்ட வளைச்சா அது அந்த மூணு மாசத்துக்கு மட்டும்தான் பொருந்தும். வழக்கமான வருடாந்திர ரூல் ரிவ்யூ எந்த மாசம்னு சொல்லி, அதுல இந்தக் கேள்வி முதல் அஜெண்டான்னு எழுதுங்க. சிலர் இத ஒத்துக்க மாட்டாங்க, ஓட்டை தெரிஞ்சா அன்னிக்கே அடைக்கணும்னு சொல்லுவாங்க. அவங்க வாதத்துலயும் விஷயம் இருக்கு, அதுவும் கடன் வாங்கி பல மடங்கு பொசிஷன் எடுக்கற ஃபண்டா இருந்தா நானும் அவங்க பக்கம்தான்.

அந்தக் கடைசி வரிக்கு காரணம் இருக்கு. மாத்தாம இருக்கறது எப்பவுமே ஒழுக்கம்னு ஆயிடாது. 1998 செப்டம்பர் 2ஆம் தேதி லாங் டெர்ம் கேப்பிட்டல் மேனேஜ்மென்ட் ஃபண்டோட தலைவர் ஜான் மெரிவெதர் இன்வெஸ்டர்களுக்கு ஒரு லெட்டர் அனுப்பினாரு. ஆகஸ்ட்ல மட்டும் 44% நஷ்டம், அந்த வருஷத்துல மொத்தம் 52% நஷ்டம்னு அதுல இருந்துச்சு, கூடவே வாய்ப்புகள் இப்ப ரொம்ப நல்லா இருக்கு, விரும்பறவங்க இன்னும் பணம் போடலாம்ங்கற தொனியும் இருந்துச்சு. மூணு வாரத்துல நியூயார்க் ஃபெடரல் ரிசர்வ் கூட்டி வச்சு 14 நிதி நிறுவனங்கள் சுமார் 360 கோடி டாலர் போட்டு அந்த ஃபண்ட எடுத்துக்கிட்டாங்க. அதோட கடன் 1997 முடிவுலயே மூலதனத்துக்கு 25 மடங்குக்கு மேல. பொசிஷன் நீண்டகாலத்துல சரியா இருந்திருக்கலாம், ஆனா கடனுக்கு ஈடா மார்ஜின் பணம் கேக்கறவன் நீண்டகாலம் காத்திருக்க மாட்டான். அதனால உங்க லெட்டர்ல மாத்தலன்னு எழுதற பாராவுக்கு முன்னாடி ஒரு வரி வேணும், மொத்த மூலதனத்துல எவ்வளவு சதவீதம் மார்ஜினா கட்டியிருக்கீங்க, எவ்வளவு சும்மா கேஷா இருக்கு. 15% மார்ஜின், மிச்சம் கேஷ்னா யாரும் உங்கள வலுக்கட்டாயமா விக்க வைக்க முடியாது, காத்திருக்கறதுக்கு உங்களுக்கு உரிமை இருக்கு. மார்ஜின் 60% தாண்டியிருந்தா இந்தப் பதில்ல நான் சொன்ன பாதி விஷயம் உங்களுக்கு பொருந்தாது.

சில பேர் யோசிக்காத இன்னொண்ணு, மேனேஜரோட சொந்த ஆதாயம். ஹை வாட்டர் மார்க் இருக்கற ஃபண்ட்ல 86லேர்ந்து 100 தாண்டற வரைக்கும் லாபப் பங்கு கிடைக்காது, அப்ப சீக்கிரம் மேல போகணும்னு ரிஸ்க்க ஏத்தற ஆசை வரும். மாத்தலங்கறது குறைக்கலன்னு மட்டும் இல்ல, ஏத்தவும் இல்லன்னு வெளிப்படையா எழுதுங்க, வோலட்டிலிட்டி டார்கெட் 10தான், 12 ஆகல. பெரிய இன்வெஸ்டர்கள் இத நிஜமா தேடிப் படிப்பாங்க.

எழுதறப்ப எப்படி வரும்னு ஒரு சாம்பிள் பாரா போடறேன், அப்படியே எடுத்துக்காதீங்க, உங்க ரூல் வேற, உங்க நம்பர் வேற: "இந்தக் காலாண்டில் ஃபண்ட் 7.5% இழந்தது, உச்சத்திலிருந்து சரிவு 14%. இதில் 0.8% எங்கள் செயல்பாட்டுப் பிழை. மீதி, எங்கள் விதிகளுக்குள் எடுத்த ரிஸ்க்கின் விளைவு. வோலட்டிலிட்டி 11.2%, இலக்கு 10%. ஸ்ட்ராட்டஜியின் நீண்டகால லாபத்தைப் பற்றி இந்தக் காலாண்டு எதையும் நிரூபிக்கவில்லை, எங்களுக்குச் சாதகமாகவும் இல்லை. விதிகளை இப்போது மாற்றவில்லை. கீழ்க்கண்டவற்றில் ஏதாவது நடந்தால் மாற்றுவோம், அன்றே உங்களுக்கு எழுதுவோம்: மூன்று மாத வோலட்டிலிட்டி 15% தாண்டினால், டிரேடிங் செலவு நாங்கள் கணக்கிட்டதைப் போல இரண்டு மடங்கானால். சரிவு 20% தொட்டால் ஏற்கெனவே உள்ள விதிப்படி பொசிஷன்கள் பாதியாகும்."

கடைசி வாக்கியத்துல இருக்கறத எழுதறதுக்கு முன்னாடி மேல இருக்கறவங்ககிட்ட ஒரு தடவை இல்ல, மூணு தடவை கேட்டுக்குங்க, 20%ல நிஜமாவே பாதியாக்குவீங்களான்னு. ஒரு ஃபண்ட்ல இப்படி எழுதி அனுப்பி, ஆறு வாரத்துல லெவல் தொட்டப்ப, இன்னும் ரெண்டு நாள் பாக்கலாம்னு இழுத்தாங்க. டிராடவுனுக்காக பணத்த எடுக்காத இன்வெஸ்டர்கள் அந்த ரெண்டு நாளுக்காக எடுத்தாங்க. இன்னொண்ணு, பணத்த திரும்ப எடுக்கறதுக்கான அடுத்த ரிடெம்ப்ஷன் தேதியயும் அதுக்கு எத்தன நாள் முன்னாடி நோட்டீஸ் குடுக்கணும்ங்கறதயும் லெட்டர் கடைசியில தெளிவா போட்டுடுங்க, அடிக்குறிப்புல சின்ன எழுத்துல வேணாம். ரூல்ஸ மாத்தறதில்லங்கறது உங்க முடிவு, இருக்கறதா போறதாங்கறது அவரோட முடிவு, அதுக்கான தேதி அவருக்கு கண்ணுல படணும்.